ஒரே பொத்தான், நான்கு நிலைகள்: மின்சுற்றுக்குள் நடக்கும் பந்தயம்

உங்கள் படிப்பு மேசையில் ஒரே ஒரு பொத்தான் உள்ள விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும். விரலை எடுத்ததும் பொத்தான் மேலே வந்துவிடும். ஆகவே பொத்தானைப் பார்த்து விளக்கு எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் மின்சுற்றுதான்.

இப்படியொரு சுற்றை நீங்களே வடிவமைக்கிறீர்கள். எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் செய்து பார்த்தால், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை விளக்கு எரிகிறது. விரலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. விளக்குக்குப் பதிலாக வாசல் அழைப்புமணியைச் செய்துவிட்டீர்கள்! எந்தக் கம்பியும் அறுந்துபோகவில்லை. எந்தச் சில்லும் பழுதாகவில்லை. அப்படியானால் தவறு எங்கே?

அதைக் கண்டுபிடிக்க, முதலில் விளக்கின் வேலையை ஓர் அட்டவணையாக எழுதுவோம்.

நான்கு நிலைகள்

விளக்குக்கு ‘எரிகிறது’, ‘எரியவில்லை’ என இரண்டு நிலைகள் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ‘பொத்தான் அழுத்தியிருந்தால் மாறு’ என்று மட்டும் சொல்லிவைத்தால், நீங்கள் விரலை வைத்திருக்கும் அந்த அரை விநாடிக்குள் விளக்கு பல்லாயிரம் முறை மாறி மாறி எரிந்து அணையும். ‘இந்த அழுத்தத்துக்கு நான் ஏற்கெனவே மாறிவிட்டேன்’ என்பதையும் சுற்று நினைவில் வைக்க வேண்டும். அதனால் நான்கு நிலைகள் தேவை.

அ: பொத்தான் மேலே இருக்கிறது, விளக்கு எரியவில்லை.
ஆ: பொத்தானை அழுத்தியாயிற்று, விளக்கு எரிகிறது.
இ: விரலை எடுத்தாயிற்று, விளக்கு தொடர்ந்து எரிகிறது.
ஈ: மீண்டும் அழுத்தியாயிற்று, விளக்கு அணைந்துவிட்டது.

ஈ நிலையில் விரலை எடுத்தால் மறுபடியும் அ. இதை அட்டவணையாக எழுதினால் இப்படி வரும்:

| இப்போதைய நிலை | பொத்தான் மேலே | பொத்தான் கீழே | விளக்கு |
|---|---|---|---|
| அ | (அ) | ஆ | இல்லை |
| ஆ | இ | (ஆ) | எரியும் |
| இ | (இ) | ஈ | எரியும் |
| ஈ | அ | (ஈ) | இல்லை |

இதற்குப் பெயர் பாய்வு அட்டவணை. பொறியாளர்கள் ‘ஃப்ளோ டேபிள்’ என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹஃப்மன் 1954இல் வெளியிட்ட கட்டுரை மூலம் இந்த முறை பரவியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஹஃப்மன் குறியீட்டைக் கண்டுபிடித்தவரும் இவரே.

அட்டவணையைப் படிப்பது எளிது. அடைப்புக்குறிக்குள் இருப்பது நிலைத்து நிற்கும் இடம். சுற்று அங்கே போனால் அங்கேயே இருக்கும். அடைப்புக்குறி இல்லாதது ‘அங்கே போ’ என்ற கட்டளை. சுற்று இப்போது அ நிலையில் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறீர்கள். அதே வரிசையில் ‘பொத்தான் கீழே’ பத்திக்கு நகருங்கள். அங்கே ‘ஆ’ என்று இருக்கிறது. சுற்று ஆ வரிசைக்குப் போகிறது. அங்கே அதே பத்தியில் (ஆ) இருப்பதால் நின்றுவிடுகிறது. இனி விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் மாற்றமில்லை.

இதுவரை தவறு எதுவுமில்லை. அட்டவணை நாம் விரும்பிய விளக்கைத்தான் விவரிக்கிறது.

எழுத்தை எண்ணாக மாற்றும்போது

மின்சுற்றுக்கு அ, ஆ, இ, ஈ தெரியாது. அதற்குத் தெரிந்தவை 0, 1 மட்டுமே. நான்கு நிலைகளைக் குறிக்க இரண்டு பிட்டுகள் வேண்டும். பெரும்பாலோர் முதலில் செய்வது வரிசையாக எண்ணுவதுதான்: அ = 00, ஆ = 01, இ = 10, ஈ = 11.

நம் தவறு இந்த ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு பிட்டையும் சில தர்க்க வாயில்கள் சேர்ந்து உருவாக்குகின்றன. அவற்றின் வெளியீடு மறுபடியும் அவற்றின் உள்ளீட்டுக்கே திரும்பி வருகிறது. அந்தச் சுழற்சிதான் நினைவாற்றலைத் தருகிறது. எந்த வாயிலும் உடனே பதில் சொல்வதில்லை. ஆய்வகங்களில் பயன்படும் 74HC வகைச் சில்லுகளில், 5 வோல்ட் மின்னழுத்தத்தில், ஒரு வாயில் பதில் சொல்ல ஏறக்குறைய 10 நானோ விநாடி ஆகும். ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளிகூட அந்த நேரத்தில் உங்கள் 30 செண்டிமீட்டர் அடிக்கோலின் நீளத்தைத்தான் கடக்கும்.

இப்போது விளக்கு எரிகிறது, உங்கள் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. சுற்று ஆ நிலையில், அதாவது 01இல் இருக்கிறது. விரலை எடுக்கிறீர்கள். அது இ நிலைக்கு, அதாவது 10க்குப் போக வேண்டும். முதல் பிட் 0இலிருந்து 1ஆக வேண்டும்; இரண்டாம் பிட் 1இலிருந்து 0ஆக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும்.

இதுதான் பந்தயம். இரண்டு பிட்டுகளும் ஒரே விசிலுக்கு ஓடத் தொடங்குகின்றன. ஆனால் ஒன்று கடக்கும் வாயில்கள் அதிகம், மற்றொன்று கடக்கும் வாயில்கள் குறைவு. இருவரும் ஒரே நொடியில் எல்லைக்கோட்டைத் தொடுவார்கள் என்று யார் உறுதி சொல்வது?

யார் முந்தினால் என்ன ஆகும்?

மூன்று வாய்ப்புகளையும் அட்டவணையில் பின்தொடர்ந்து பார்ப்போம். பொத்தான் இப்போது மேலே இருப்பதால் அந்தப் பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டும் சரியாக ஒன்றாக மாறினால் 01 நேராக 10 ஆகும். அது இ. விளக்கு தொடர்ந்து எரியும். நாம் விரும்பியது இதுதான்.

இரண்டாம் பிட் முந்தினால் 01 முதலில் 00 ஆகும். அது அ நிலை. ‘பொத்தான் மேலே’ பத்தியில் அ வரிசையைப் பாருங்கள்: (அ). நிலைத்து நிற்கும் இடம்! சுற்று அங்கேயே நின்றுவிடும். முதல் பிட்டுக்கு வந்துகொண்டிருந்த ‘1ஆக மாறு’ என்ற கட்டளையும் மறைந்துவிடும். விளக்கு அணையும். அடுத்த முறை அழுத்தினால் மறுபடி ஆ, விட்டால் மறுபடி அ. அழைப்புமணியின் மர்மம் இதோ தீர்ந்தது.

முதல் பிட் முந்தினால் 01 முதலில் 11 ஆகும். அது ஈ. அந்த வரிசை ‘அ நிலைக்குப் போ’ என்கிறது, அதாவது 11இலிருந்து 00க்கு. மறுபடியும் இரண்டு பிட்டுகள் மாற வேண்டும், மறுபடியும் பந்தயம். இரண்டாம் பிட் உடனே வந்து சேர்ந்தால் சுற்று 10இல் நின்று தப்பித்துவிடும். இல்லையென்றால் வேறெங்கோ போகும்.

பந்தயத்தில் யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்துச் சுற்று போய்ச் சேரும் இடமே மாறினால், அது அபாயப் பந்தயம். பொறியாளர்கள் ‘கிரிட்டிகல் ரேஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

இதில் தொல்லை என்னவென்றால், தவறு எப்போதும் வெளியே தெரிவதில்லை. எல்லா வாயில்களுக்கும் ஒரே தாமதம் என்று கொள்ளும் பாவனை மென்பொருளில் சோதித்தால் இரண்டு பிட்டுகளும் ஒன்றாகவே மாறக்கூடும். சுற்று ஒழுங்காக வேலை செய்வதாகவே காட்டும். நிஜச் சில்லில் தாமதம் வெப்பநிலையைப் பொறுத்தும், மின்னழுத்தத்தைப் பொறுத்தும் மாறும். ஒரே மாதிரியான இரு சில்லுகளுக்கு இடையிலும் சிறு வேறுபாடு இருக்கும். காலையில் விளக்காக இருந்தது, சூடேறிய பிறகு அழைப்புமணியாக மாறலாம். ஆகவே பலமுறை சோதித்துப் பார்ப்பது இங்கே போதாது. காகிதத்தில் அட்டவணையைப் பார்த்தே பிழையைப் பிடிக்க வேண்டும்.

எல்லாப் பந்தயமும் அபாயமா?

இல்லை. மேசை மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என மூன்று வேகப் பொத்தான்கள். இதை மின்னணுச் சுற்றாகச் செய்து, வேகங்களுக்கு 00, 01, 11 என்று குறியீடு தருகிறோம். 10 பயன்படாமல் இருக்கிறது. முதல் வேகத்தில் சுற்றும்போது ‘3’ஐ அழுத்துகிறீர்கள். 00இலிருந்து 11க்குப் போக வேண்டும். இரண்டு பிட்டுகள் மாறுகின்றன, பந்தயம் உண்டு.

ஆனால் ‘3’ என்ற பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். 00 வரிசையில் ‘11க்குப் போ’ என்றிருக்கும். 01 வரிசையிலும் அதுவே, ஏனெனில் இரண்டாம் வேகத்திலிருந்தும் மூன்றுக்கு வர வேண்டும். பயன்படாத 10 வரிசையிலும் நாமே ‘11க்குப் போ’ என்று எழுதிவைக்கிறோம். இப்போது எந்தப் பிட் முந்தினாலும் கவலையில்லை. வழியில் 01 வந்தாலும் 10 வந்தாலும் கடைசியில் சேருவது 11தான். இது தீங்கற்ற பந்தயம்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை முறை கிடைக்கிறது. இரண்டு பிட்டுகள் மாறும் இடத்தைக் கண்டால், அந்தப் பத்தியில் நிலைத்து நிற்கும் இடங்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றே ஒன்றுதான், எல்லா வரிசைகளும் அங்கேதான் அனுப்புகின்றன என்றால் அச்சமில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், வழிதவறி வேறொன்றில் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வழியில் வரக்கூடிய ஒவ்வொரு குறியீட்டையும் பின்தொடர்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். நம் விளக்கின் ‘பொத்தான் மேலே’ பத்தியில் (அ), (இ) என இரண்டு இருக்கின்றன. நாம் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

பெயரை மாற்றினால் போதும்

பழைய கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் சக்கர மீட்டரை நினைத்துப் பாருங்கள். 199இலிருந்து 200க்கு மாறும்போது மூன்று சக்கரங்களும் ஒன்றாகச் சுழல வேண்டும். நூறின் சக்கரம் முந்தினால் ஒரு கணம் 299 என்று தெரியும். கடைசிச் சக்கரம் முந்தினால் 190. ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதாக இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் கிரே, தொலைத்தொடர்பில் சைகைகளை எண்களாக மாற்றும் முறைக்காக அப்படியொரு வரிசையைப் பயன்படுத்தினார். அதற்கான காப்புரிமை 1953இல் கிடைத்தது. கிரே குறியீடு என்று இன்று அழைக்கப்படும் அந்த வரிசை, இரண்டு பிட்டுகளுக்கு இப்படி இருக்கும்: 00, 01, 11, 10. ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு பிட்தான் மாறுகிறது. கடைசி 10இலிருந்து முதல் 00க்குத் திரும்பும்போதும் அப்படியே.

நம் விளக்கும் அ, ஆ, இ, ஈ, மறுபடி அ என்று வட்டமாகத்தானே சுற்றுகிறது? ஆகவே பெயர்களை மாற்றிவைப்போம்: அ = 00, ஆ = 01, இ = 11, ஈ = 10.

| இப்போதைய நிலை | பொத்தான் மேலே | பொத்தான் கீழே | விளக்கு |
|---|---|---|---|
| அ = 00 | (00) | 01 | இல்லை |
| ஆ = 01 | 11 | (01) | எரியும் |
| இ = 11 | (11) | 10 | எரியும் |
| ஈ = 10 | 00 | (10) | இல்லை |

அடைப்புக்குறி இல்லாத நான்கு கட்டங்களையும் சரிபாருங்கள். 00இலிருந்து 01. 01இலிருந்து 11. 11இலிருந்து 10. 10இலிருந்து 00. எங்கும் இரண்டு பிட்டுகள் ஒன்றாக மாறவில்லை. ஒரே ஓட்டக்காரர் ஓடும் இடத்தில் பந்தயம் ஏது? வாயில் வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும் சுற்று சரியான இடத்துக்கே போகும். சற்று முன்னதாகவோ பின்னதாகவோ போகும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பொத்தான் மேலே’ பத்தியில் இரண்டாம் பிட் அப்படியே இருக்கிறது; முதல் பிட் அதைப் பார்த்து நகல் எடுக்கிறது. ‘பொத்தான் கீழே’ பத்தியில் முதல் பிட் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பிட் அதற்கு எதிரானதாக மாறுகிறது. அதாவது இரு பிட்டுகளும் முறைபோட்டு நகர்கின்றன. ஒன்று நகரும்போது மற்றொன்று அசையாமல் நிற்கிறது. விளக்கை இயக்கத் தனிக் கணக்கும் தேவையில்லை. இரண்டாம் பிட் 1 என்றால் எரியும், 0 என்றால் எரியாது.

எப்போதும் இப்படிச் செய்ய முடியுமா?

முடியாது. மின்விசிறிக்குத் திரும்புவோம். 1, 2, 3 என எந்த வேகத்திலிருந்தும் மற்ற எந்த வேகத்துக்கும் போகலாம். இது ஒரு முக்கோணம். மூன்று பக்கங்களிலும் ஒரே ஒரு பிட் மட்டும் மாறும்படி குறியீடு தர முடியுமா? ஒரு பிட் மாறும்போதெல்லாம், குறியீட்டில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கோ, இரட்டைப்படையிலிருந்து ஒற்றைப்படைக்கோ தாவும். முக்கோணத்தை ஒரு சுற்று வர மூன்று தாவல்கள். இரட்டையில் தொடங்கினால் மூன்று தாவலுக்குப் பின் ஒற்றையில்தான் நிற்பீர்கள்; தொடங்கிய இடத்துக்குத் திரும்பவே முடியாது. எத்தனை பிட்டுகள் சேர்த்தாலும் இது நடக்காது.

இதற்கும் வழி உண்டு. பயன்படாமல் கிடக்கும் 10ஐப் பாலமாக்கலாம். ‘3’ பத்தியில் 00 வரிசையில் ‘10க்குப் போ’ என்றும், 10 வரிசையில் ‘11க்குப் போ’ என்றும் எழுதுங்கள். ‘1’ பத்தியில் அதே வழியே திரும்பி வரட்டும். ஒரே தாவலில் இரண்டு பிட்டுகளை மாற்றுவதற்குப் பதிலாக, இரண்டு தாவல்களில் ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். சுற்று பாலத்தில் இருப்பது சில நானோ விநாடிகளே. மின்விசிறிக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் குறியீட்டை மாற்றுவது பிட்டுகளுக்கிடையேயான பந்தயத்தை மட்டுமே தீர்க்கும். சுற்று ஒரு நிலையில் அமர்ந்த பிறகே உள்ளீடு அடுத்து மாறும் என்பது இந்த முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. உண்மையான பொத்தானை அழுத்தினால், அதன் உலோகத் தொடுமுனைகள் சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். நானோ விநாடிகளில் வேலை செய்யும் சுற்று ஒவ்வொரு துள்ளலையும் தனி அழுத்தமாக எண்ணிவிடும். அதனால்தான் பொத்தானுக்கும் சுற்றுக்கும் இடையே துள்ளலை மறைக்கும் ஒரு பகுதியையும் சேர்க்கிறார்கள்.

கைக்கடிகாரத்துக்குள் அதே விளக்கு

பெரும்பாலான கணினிச் சுற்றுகளில் ஒரு கடிகாரத் துடிப்பு இருக்கும். எல்லாப் பிட்டுகளும் ஓடி முடிக்கும் வரை காத்திருந்து, துடிப்பு வரும்போதுதான் முடிவைப் பதிவு செய்வார்கள். நாம் பார்த்த சுற்றுக்கு அப்படித் துடிப்பு எதுவும் இல்லை. அதனால்தான் இதை ஒத்தியங்காத் தொடர்முறைச் சுற்று என்கிறார்கள். துடிப்பு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றலாம். ஆனால் துடிப்பைக் கேட்டு நடக்கும் நினைவுக் கூறுகளும் உள்ளுக்குள் இதே போன்ற சுற்றுகளால்தான் ஆனவை.

உங்கள் கையில் குவார்ட்ஸ் கடிகாரம் இருக்கிறதா? அதற்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நம் விளக்கு இரண்டு அழுத்தங்களுக்கு ஒருமுறைதான் எரிந்து அணைகிறது. அதாவது அது இரண்டால் வகுக்கும் கருவி. அப்படிப்பட்ட 15 படிகளை வரிசையாகக் கோத்தால் 32,768 சரியாக 1 ஆகிவிடும். விநாடி முள்ளுக்கு வேண்டியது அதுதான். அந்த 15இல் ஒரே ஒரு படி அழைப்புமணியாக மாறிவிட்டால், அது வகுக்காமல் வந்ததை அப்படியே அனுப்பும். உங்கள் கடிகாரம் இரு மடங்கு வேகத்தில் ஓடும்.

முயன்று பாருங்கள்

பழைய குறியீட்டுக்கே திரும்புங்கள்: அ = 00, ஆ = 01, இ = 10, ஈ = 11. மின்சாரம் வந்தபோது சுற்று தற்செயலாக இ நிலையில், விளக்கு எரிந்தபடி தொடங்குகிறது. இரண்டாம் பிட்தான் எப்போதும் முந்துகிறது. இப்போது பொத்தானை அழுத்தி விட்டால் விளக்கு என்ன செய்யும்? முதல் அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வோர் அடியாக நகருங்கள்.

விடை: அழுத்தியதும் 10இலிருந்து 11, விளக்கு அணையும். விட்டதும் 00க்குப் போக வேண்டியது, வழியில் 10இல் நிலைத்துவிடும். விளக்கு மறுபடி எரியும். அழுத்தும்போது மட்டும் அணையும் தலைகீழ் அழைப்புமணி!